விடுமுறையில் பாதி என்றால் எந்தப் பாதி?

வாசகர் கேள்வி

“கல்யாணமாகி 12 வருடம். கடந்த 8 மாதமாக நாங்கள் தனித்தனியாக இருக்கிறோம். இருவருமே மதுரையில்தான், 6 கிலோமீட்டர் தூரத்தில். மகள் 4-ம் வகுப்பு படிக்கிறாள், நவம்பரில் 9 வயது முடிந்தது. என்னோடு இருக்கிறாள். அடிதடி, மிரட்டல் எதுவும் கிடையாது, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். சொந்தத்தில் ஒரு வக்கீல் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறார்: ‘மகள் தாயிடம் இருப்பாள். தந்தை வார இறுதியில் அழைத்துச் செல்லலாம். விடுமுறையில் பாதி தந்தையிடம். படிப்பு பற்றிப் பேசி முடிவு செய்துகொள்வார்கள். செலவை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள்.’ இதைப் பத்திரத்தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதுமா?”
– வாசகி, மதுரை

ஆலோசனை

போதாது. பத்திரத்தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது இரண்டாவது பிரச்சினை. அந்த ஒரு பக்கத்தில் உள்ள ஐந்து வாக்கியங்களும் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை. ஆனால் ஐந்தில் நான்கு, நீங்கள் இருவரும் மறுபடி மறுபடி போனில் பேசினால்தான் நடக்கும். பிரிந்துபோன இருவருக்குள் ஒவ்வொரு வாரமும் ஒரு பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்குகிற ஒப்பந்தம் ஆறு மாதம் தாங்காது. குடும்ப நல வழக்குகளிலும் சமரச அறையிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். சண்டைக்காரர்கள் மட்டுமில்லை, உங்களைப் போல நிதானமாகப் பிரிந்தவர்களும் ‘பாதி’, ‘பேசி’, ‘பகிர்ந்து’ என்ற இந்த மூன்று சொற்களில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். இந்த வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கும் அவருக்கும் போன் போடாமல், உங்கள் அம்மாவோ அவர் தங்கையோ குழந்தையை யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து அழைத்து வரவேண்டும் என்று சொல்லிவிட முடியுமா? முடியவில்லை என்றால் அந்த வரி இன்னும் முடியவில்லை.

முதலில் சாதாரண வாரம். ‘வார இறுதி’ என்பது வெள்ளி மாலையா, சனி காலையா? சனிக்கிழமை பள்ளி வேலைநாள் என்றால்? ஒரே ஊரில் 6 கிலோமீட்டரில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றுவிட்ட வாரம், வாரத்தின் கடைசி வேலைநாளில் பள்ளி விட்டதும் அவர் பள்ளி வாசலிலிருந்தே அழைத்துப் போவார். திங்கள் காலை அவரே பள்ளியில் கொண்டு விடுவார். இது தவிர ஒவ்வொரு புதன் மாலையும் அவர் அழைத்துப் போய், இரவு தங்க வைத்து, வியாழன் காலை பள்ளியில் விடுவார். இப்படி எழுதினால், வழக்கமான வாரத்தில் நீங்கள் இருவரும் வீட்டு வாசலில் நேருக்கு நேர் நிற்கவேண்டி வராது. கைமாறும் இடம் பள்ளியாகிவிடும். குழந்தைக்கு அது ‘அம்மாவை விட்டு அப்பாவிடம் போவது’ இல்லை, வழக்கம்போலப் பள்ளிக்குப் போய்விட்டு வருவதுதான். இதன்படி 14 இரவில் 5 இரவு அவரிடம், 9 இரவு உங்களிடம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், செலவுக்கு வரும்போது தேவைப்படும்.

‘முதல், மூன்றாம் வாரம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது யாருடையது என்று கேள்வி எழும். ஒரு தொடக்கத் தேதியைக் குறிப்பிட்டு, ‘அந்த வெள்ளி முதல் ஒன்றுவிட்ட வாரம்’ என்று எழுதுங்கள். அப்புறம் மழை விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் காலையில் விடுமுறை அறிவித்துவிட்டால், பள்ளி வாசலில் கைமாறும் ஏற்பாடு அன்றைக்கு நடக்காது. ‘பள்ளி திடீரென்று விடுமுறையானால், அன்று காலை குழந்தை எந்த வீட்டில் விழித்தாளோ அந்த வீட்டிலேயே இருப்பாள், அன்று கைமாற வேண்டிய நாளாக இருந்தால், அடுத்து அவளை வைத்துக்கொள்ள வேண்டியவர் மாலை 6 மணிக்கு வந்து அழைத்துப் போவார்’ என்று ஒரு வரி போதும். இந்த ஒரு வரி இல்லாமல் காலை 7 மணிக்கு எனக்கு வந்த அழைப்புகள் நிறைய.

இனி விடுமுறைகள். இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் குட்டி விடுமுறைகள். அவற்றையும் பாதியாக வெட்டினால் குழந்தைக்கு எந்த ஊருக்கும் போகமுடியாது, பெட்டி கட்டுவதிலேயே லீவு போய்விடும். காலாண்டு முழுவதும் ஒருவரிடம், அரையாண்டு முழுவதும் மற்றவரிடம், அடுத்த வருடம் மாற்றி. உங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இருந்தால் காலாண்டை எப்போதும் உங்களுக்கே வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அரையாண்டை எப்போதும் அவருக்கே கொடுத்துவிடலாம். சரிபாதி என்பதைவிட, எந்த நாள் எந்த வீட்டுக்கு உயிரானது என்று பார்த்துப் பிரிப்பது நிலைக்கும்.

கோடை விடுமுறையைப் பாதியாக்கலாம், ஆனால் எங்கிருந்து எண்ணுவது என்று எழுதவேண்டும். ஓர் உதாரணம். கடைசி வேலைநாள் ஏப்ரல் 17, பள்ளி திறப்பது ஜூன் 1 என்று பள்ளி அறிவிக்கிறது. நடுவில் ஏப்ரல் 18 முதல் மே 31 வரை 44 நாள். முதல் 22 நாள் மே 9-ம் தேதியோடு முடிகிறது. அன்று மாலை 6 மணிக்குக் கைமாற்றம். மே 31 மாலை 6 மணிக்கு, மறுநாள் பள்ளிக்கு யார் வீட்டிலிருந்து போகவேண்டுமோ அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பள்ளி திறப்பது தள்ளிப்போனால்? நம் ஊரில் அது அபூர்வம் இல்லை. 2023-ல் வெயிலால் தள்ளித் தள்ளி, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14-ல்தான் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. எனவே, ‘கடைசி வேலைநாளில் பள்ளி அறிவித்த தேதியை வைத்தே பாதி கணக்கிடப்படும்; பிறகு நீட்டிக்கப்படும் நாட்களுக்கு வழக்கமான வார முறை பொருந்தும்’ என்று எழுதிவிடுங்கள். யார் முதல் பாதி, யார் இரண்டாம் பாதி என்பது வருடா வருடம் மாறட்டும். ஆனால் மதுரைக் குழந்தைக்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அவள் யாரோடு போவாள் என்பதை அந்தப் பாதிக் கணக்கில் விட்டுவிடாமல் தனியாக ஒரு வரியில் முடிவு செய்யுங்கள்.

பண்டிகைக்கு வருவோம். ‘இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி அப்பாவிடம், பொங்கல் அம்மாவிடம், ஒற்றைப்படை ஆண்டில் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் சமரசம் செய்துவைத்த ஒரு தம்பதி இப்படித்தான் எழுதிக் கையெழுத்திட்டார்கள், நானும் அன்றைக்குக் கவனிக்கவில்லை. விளைவைப் பாருங்கள். 2026 தீபாவளி அப்பாவிடம். அடுத்து வருவது 2027 பொங்கல். 2027 ஒற்றைப்படை, அதனால் அந்தப் பொங்கலும் அப்பாவிடம்! இரண்டரை மாதத்தில் இரண்டு பெரிய பண்டிகையும் ஒரே வீட்டில். அடுத்த தீபாவளி வரை அந்த அம்மா காத்திருக்க வேண்டியதுதான். அதன் பிறகு 2027 தீபாவளியும் 2028 பொங்கலும் அம்மாவுக்குச் சேர்ந்து வரும், அப்போது தவிப்பது அப்பா. யாரும் ஏமாற்றவில்லை, தை மாதம் அடுத்த ஆங்கில வருடத்தில் விழுகிறது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். பண்டிகையை ஆங்கில ஆண்டை வைத்து எழுதாமல் கல்வியாண்டை வைத்து எழுதினால் இது வராது. ‘2026-27 கல்வியாண்டில் தீபாவளி தந்தையிடம், பொங்கல் தாயிடம், 2027-28-ல் மாற்றி’ என்று எழுதினால் ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஆளுக்கு ஒரு பண்டிகை வரும்.

தீபாவளி என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதும் வேண்டும். எண்ணெய்க் குளியல் விடியற்காலை, எனவே முந்தின நாள் மாலை 6 மணி முதல் தீபாவளிக்கு மறுநாள் காலை 10 மணி வரை என்று வைக்கலாம். பொங்கலுக்கு போகி மாலை முதல் மாட்டுப் பொங்கல் இரவு வரை. அவள் பிறந்தநாள் நவம்பரில் வருவதால் பெரும்பாலும் பள்ளி நாளாகத்தான் இருக்கும். அன்று அவள் யாரிடம் இருந்தாலும் மற்றவருக்கு மாலை 5 முதல் 7 மணி வரை. கடைசியாக, எது எதை மீறும் என்று ஒரு வரி. பண்டிகை வந்தால் விடுமுறைக் கணக்கு வழிவிடும், விடுமுறை வந்தால் வார முறை வழிவிடும். இப்படி விட்டுப்போன நாளுக்கு ஈடு கேட்கும் வழக்கம் வேண்டாம், அந்தக் கணக்குக்கு முடிவே இருக்காது.

பள்ளி விஷயத்தில் ‘பேசி முடிவு செய்வார்கள்’ என்பதை எடுத்துவிட்டு, பேசியும் முடிவாகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுதுங்கள். என் அனுபவத்தில் மிகவும் காப்பாற்றுகிற விதி இதுதான்: ஒத்துப்போகவில்லை என்றால் இப்போது நடப்பதே தொடரும். பள்ளி மாற்ற விரும்புகிறவர் டிசம்பர் 31-க்குள் எழுத்தில் சொல்லவேண்டும். ஜனவரி 31-க்குள் இருவரும் கையெழுத்திட்டுச் சம்மதிக்காவிட்டால் அடுத்த கல்வியாண்டும் அதே பள்ளி. ஜனவரி என்று சொல்வதற்குக் காரணம், அதற்குள்தான் பல தனியார் பள்ளிகள் சேர்க்கைக்கு விண்ணப்பம் தரத் தொடங்கிவிடுகின்றன. மே மாதத்தில் உட்கார்ந்து பேசினால் இடமும் இருக்காது, கட்டிய அட்மிஷன் பணமும் திரும்பாது.

இன்னொன்று, டி.சி. பெற்றோரில் யாராவது ஒருவர் போய்க் கடிதம் கொடுத்தால் பள்ளி டி.சி.யைக் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு உங்கள் வீட்டு நிலை தெரியாது. எனவே இருவரும் சேர்ந்து தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். டி.சி. இருவர் கையெழுத்தோடுதான் தரவேண்டும், பள்ளிப் பதிவேட்டில் இருவர் போன் எண்ணும் இருக்கவேண்டும், வகுப்பு வாட்ஸப் குழுவில் இருவரையும் சேர்க்கவேண்டும், மாலையில் அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள் இன்னார் இன்னார். நீங்கள் இருவர், உங்கள் அம்மா, அவர் வீட்டில் ஒருவர் என்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இதற்குப் பள்ளி சட்டப்படி கட்டுப்பட்டது இல்லை என்றாலும், இருவரும் சேர்ந்து கொடுத்த கடிதத்தைப் பள்ளிகள் பெரும்பாலும் மதிக்கும். நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலையும் கொடுத்துவிட்டால் இன்னும் பலம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு இருவரும் போகலாம். சேர்ந்து உட்கார மனம் இல்லை என்றால் பள்ளியில் வேறு வேறு நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ‘நீ வராதே’ என்ற வரியை யாரும் எழுதக் கூடாது.

சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் வலிக்கிற ஒன்று: வியாழக்கிழமை கணக்கு நோட்டு அம்மா வீட்டில் இருக்கும், குழந்தை அப்பா வீட்டிலிருந்து வந்திருப்பாள், வகுப்பில் எழுந்து நிற்பாள். புத்தகப் பை எப்போதும் அவளோடு போகும். சீருடை, ஷூ, ஜியோமெட்ரி பாக்ஸ் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு செட். தேர்வுக்கு முந்தின வாரத்தில் வழக்கமான கைமாற்றத்தை மாற்றச் சொல்லி இருவரும் கேட்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் போன்றவற்றின் அசல் உங்களிடம், தெளிவான நகல் அவரிடம். கேட்ட 3 நாளில் அசலைக் கொடுத்து வாங்க வேண்டும்.

இப்போது பணம். ‘பகிர்ந்துகொள்வார்கள்’ என்றால் சமமாகவா, வருமானப்படியா? சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும்போது சரிபாதி என்பது குறைவாகச் சம்பாதிக்கிறவரை நசுக்கும். கையில் வரும் சம்பளத்தின் விகிதம்தான் நிலைக்கிற வழி. உங்கள் சம்பளம் நீங்கள் எழுதவில்லை, எனவே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர் கையில் வாங்குவது 48,000, நீங்கள் 32,000 என்று வைப்போம். மொத்தம் 80,000. விகிதம் 60-க்கு 40. மகளுக்கு வருடச் செலவு: பள்ளிக் கட்டணம் மூன்று தவணையாக 54,000, வேன் மாதம் 1,800 வீதம் 10 மாதம் 18,000, புத்தகம், சீருடை, ஷூ 12,000, நடன வகுப்பு மாதம் 1,000 வீதம் 12,000. மொத்தம் 96,000, அதாவது மாதம் 8,000. அவர் பங்கு 4,800, உங்கள் பங்கு 3,200. இந்தப் பணத்துக்கென்று இருவர் பெயரிலும் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி இருவர் சம்பளக் கணக்கிலிருந்தும் தானாகவே போய்ச் சேரும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். பள்ளிக்கும் வேனுக்கும் நடன வகுப்புக்கும் அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே பணம் போகட்டும். ‘நான் கொடுத்தேன், நீ கொடுக்கவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் வங்கி ஸ்டேட்மென்ட் பதில் சொல்லும்.

இதில் ஒரு இடறல் உண்டு. செலவு மாதா மாதம் சமமாக வராது, ஜூனில் கொட்டும். முதல் தவணை 18,000, புத்தகம் சீருடை 12,000, வேன் 1,800 என்று ஒரே மாதத்தில் 31,800 வேண்டும். ஜூன் மாதம்தான் கணக்கைத் தொடங்கினால் அதில் 8,000-தான் இருக்கும், முதல் மாதமே யார் முன்பணம் போடுவது என்று தொடங்கிவிடும். பிப்ரவரியிலிருந்தே போட்டு வந்தால் ஜூன் 5-ம் தேதி 40,000 சேர்ந்திருக்கும். அந்த ஐந்து மாத நடனக் கட்டணம் 5,000 போனாலும் 35,000 கையில் நிற்கும். நடப்பு வருடத்துக்கான வேன், கட்டண பாக்கியை மட்டும் இப்போது கட்டுகிறபடியே கட்டி முடித்துவிடுங்கள்.

சாப்பாடு, பால், நொறுக்குத்தீனி, சோப்பு என்று வீட்டுச் செலவு தனி. அதற்கு பில் வைத்துப் பங்கு கேட்பது இருவருக்கும் கேவலமாகிவிடும், எனவே ஒரு தொகையாக முடித்துவிடுங்கள். நாளைக்கு 200 ரூபாய் என்றால் 14 நாளுக்கு 2,800. அதில் அவர் பங்கு 60 சதவீதம், 1,680. தன்னிடம் இருக்கும் 5 நாளுக்கு அவர் நேரடியாகச் செலவழிப்பது 1,000. மீதி 680 உங்களுக்கு வரவேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 1,475, அதை 1,500 என்று முழுதாக்கி, 5-ம் தேதி உங்கள் கணக்குக்கு வரும்படி எழுதலாம். வீட்டு வாடகையில் ஒரு பகுதியைச் சேர்ப்பதா என்பது நீங்கள் இருவரும் முடிவு செய்யவேண்டியது. அவளுக்காகத்தான் பள்ளிக்குப் பக்கத்தில் அதிக வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் அந்தக் கூடுதலைக் கேட்பதில் தவறே இல்லை.

எதிர்பாராத செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். 3,000-க்கு மேல் போகிற எந்தப் புதுச் செலவுக்கும், அது நீச்சல் வகுப்பானாலும் பல் கிளிப் ஆனாலும், முன்கூட்டியே எழுத்தில் கேட்கவேண்டும். 7 நாளில் பதில் இல்லை என்றால் சம்மதம் என்று பொருள். மறுத்தால், விரும்புகிறவர் தன் செலவில் செய்யலாம், பங்கு கேட்க முடியாது. அவசர மருத்துவத்துக்கு இந்த விதி எதுவும் இல்லை. முதலில் ஆஸ்பத்திரி, 24 மணி நேரத்துக்குள் தகவல், பிறகு அதே 60-40. அவர் வேலை செய்யும் இடத்தில் குழு மருத்துவக் காப்பீடு இருந்தால் அதில் மகள் பெயர் தொடரவேண்டும் என்று எழுதி, அட்டையின் நகலை உங்கள் போனில் வையுங்கள். நள்ளிரவில் காய்ச்சலோடு போய் நிற்கும்போது அட்டை அவர் வீட்டு அலமாரியில் இருந்து பயன் இல்லை.

விகிதத்தை வருடம் ஒருமுறை, ஜூன் மாதத்தில், இருவரும் படிவம் 16-ஐ அல்லது கடைசி மூன்று சம்பளச் சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். எப்போது முடியும் என்பதையும் எழுதவேண்டும். வழக்கமாக ‘18 வயது வரை’ என்று அடித்துவிடுவார்கள். உங்கள் மகளுக்கு நவம்பரில் 18 வயது முடியும்போது அவள் கல்லூரி முதலாம் ஆண்டின் நடுவில் இருப்பாள். ‘முதல் இளங்கலைப் பட்டம் முடியும் வரை’ என்று எழுதுங்கள். திருமணமாகாத, தானே சம்பாதித்து வாழமுடியாத மகளைப் பராமரிக்கும் கடமை 18-ஓடு நிற்பதில்லை என்று 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவே சொல்கிறது. அதே காரணத்தால், யாராவது ‘எதிர்காலத்தில் குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டேன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். அது உங்கள் உரிமை இல்லை, அவளுடையது. அந்த வரி அவளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பின்னால் தேவையில்லாத வழக்கை இழுக்கும்.

பணத்தையும் பார்ப்பதையும் முடிச்சுப் போடக் கூடாது என்று தனியாக, தெளிவாக ஒரு வரி எழுதுங்கள். பணம் தாமதமானாலும் புதன்கிழமை அவள் அப்பாவிடம் போவாள். ஒரு வாரம் அனுப்ப முடியாமல் போனாலும் 5-ம் தேதி பணம் வரும். இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்வு தேடலாம். இந்த முடிச்சு ஒருமுறை விழுந்துவிட்டால் அவிழ்ப்பது மிகக் கடினம்.

சரி, பத்திரத்தாள். அதில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினால், இப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. அவ்வளவுதான். நாளைக்கு ஒருவர் மீறினால் அந்தத் தாளை வைத்து நேரடியாக நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது, முதலிலிருந்து வழக்குப் போடவேண்டும். நீதிமன்ற உத்தரவானால்தான் அதற்கு அந்தப் பலம். இரண்டு வழி இருக்கிறது. விவாகரத்து என்று முடிவாகிவிட்டால், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனு போடலாம். அதற்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. மனு போட்ட பிறகு வழக்கமாக 6 மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்கில் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. இந்தத் திட்டத்தை அந்த மனுவோடு இணைத்து, தீர்ப்பின் பகுதியாக்கும்படி கேளுங்கள். விவாகரத்து இப்போதைக்கு வேண்டாம் என்றால், 1890-ம் ஆண்டு காப்பாளர் மற்றும் வார்டுகள் சட்டத்தின்கீழ் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, இருவரும் கையெழுத்திட்ட சமரசக் குறிப்பைத் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கலாம். உங்களுக்கு வேறு சமயத் திருமணச் சட்டம் பொருந்தும் என்றால் முதல் வழியின் பிரிவும் கால அளவும் மாறும், இரண்டாவது வழி எல்லோருக்கும் உண்டு.

கூட்டுப் பெற்றோர் பொறுப்பு என்று நம் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்காக நீதிபதி உங்கள் திட்டத்தை ஒதுக்கிவிட மாட்டார். குழந்தைக்கு நல்லதா என்று பார்த்து ஏற்றுக்கொள்வார், தேவை என்று நினைத்தால் மகளைத் தன் அறைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசுவார். அவளை எதுவும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், உடனே தெரிந்துவிடும். உத்தரவான பிறகும் அவள் வளர வளர இதை மாற்றச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகலாம். குழந்தை விஷயத்தில் எந்த உத்தரவும் கடைசி உத்தரவு இல்லை.

நான் சொன்னதெல்லாம் நீங்கள் எழுதியபடி பயம், மிரட்டல் இல்லாத வீட்டுக்குத்தான். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அடி, குடிவெறி, குழந்தையைத் தூக்கிப் போய்விடுவேன் என்ற மிரட்டல் இருந்தால், இந்த முறையைத் தொடாமல் முதலில் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேளுங்கள்.

உங்களுக்கு இருக்கும் அந்த 4 மாதத்தை வீணாக்காதீர்கள். இந்த வாரமே பள்ளி நாள்காட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் ஒரு பொது இடத்தில் 2 மணி நேரம் உட்காருங்கள், வரைவை எழுதுங்கள், கையெழுத்து இல்லாமலே அடுத்த வெள்ளியிலிருந்து நடத்திப் பாருங்கள். மகளுக்கு ஒரு மாதக் காலண்டரில் இரண்டு நிற ஸ்கெட்ச்சால் எந்த இரவு எந்த வீடு என்று குறித்து, இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டுங்கள். ஒரு நோட்டில், திட்டத்தில் பதில் இல்லாமல் நீங்கள் ஒருவருக்கொருவர் போன் போடவேண்டி வந்த ஒவ்வொரு முறையும் தேதியும் காரணமும் ஒரு வரி எழுதுங்கள். 4 மாதம் கழித்து அந்த நோட்டையும் வரைவையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் வரைவில் ஒரு பதில் சேர்ந்த பிறகு மனுவில் கையெழுத்துப் போடலாம்.